சிரிப்புக்கு முந்தாமல், பிந்தாமல்

2006 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த டெட் மாநாட்டில் சர் கென் ராபின்சன் பேசினார். லிவர்பூலில் பிறந்த கல்வியாளர் அவர். பள்ளிக்கூடங்கள் குழந்தைகளின் படைப்பாற்றலைக் கொன்றுவிடுகின்றனவா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஸ்லைடு எதுவும் காட்டவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அரங்கம் திரும்பத் திரும்ப வெடித்துச் சிரித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் டெட் அமைப்பு முதன்முதலாக இணையத்தில் ஏற்றிய ஆறு பேச்சுகளில் இதுவும் ஒன்று. 2009-இல் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களுக்கு டெட் கதவைத் திறந்துவிட்ட பிறகு, அங்குள்ள பேச்சுகள் பல மொழிகளில் சப்டைட்டிலோடு ஓடத் தொடங்கின.

இருபது நிமிஷத்துக்கும் குறைவான இந்த வீடியோ, சப்டைட்டில் வேலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள நல்ல பாடம். காரணம், அரங்கத்தின் சிரிப்பு. அது ஒலியோடு பதிவாகியிருக்கிறது. அதை யாரும் நகர்த்த முடியாது. தமிழில் படித்துக்கொண்டே பார்ப்பவருக்கு வரி தாமதமாக வந்தால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவருக்கு விஷயம் புரியும். முன்கூட்டியே வந்துவிட்டால் பேச்சாளர் வாய் திறப்பதற்குள் அவர் சிரித்துவிடுவார்; அதன்பின் ராபின்சன் சொல்வது ஆறிப்போன செய்தி. மொழிபெயர்ப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இரண்டு விபத்திலிருந்தும் அது காப்பாற்றாது.

பேச்சின் தொடக்கத்தில் வரும் இரண்டு கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் கதை சின்னது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓவிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். எப்போதும் பாடத்தில் கவனமே இல்லாதவள் இன்று மும்முரமாக இருப்பதைப் பார்த்து ஆசிரியை அருகில் போய் என்ன வரைகிறாய் என்று கேட்கிறார். கடவுள் படம் என்கிறாள். கடவுள் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாதே என்கிறார் ஆசிரியை. இன்னும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்கிறாள் சிறுமி. அரங்கம் அதிர்கிறது.

இதில் சிலேடை இல்லை, ஊர்ப் பழக்கம் இல்லை. எந்த மொழிக்கும் நோகாமல் போகும் என்றுதான் தோன்றும். சிக்கல் கணக்கில் தொடங்குகிறது.

சப்டைட்டிலில் இடம் அளந்து கொடுக்கப்படுகிறது. டெட் வைத்திருக்கும் வரம்பு, ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு முறைக்கு அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு நொடிக்கு 21 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. பார்ப்பவர் படிப்பதோடு பேசுபவரின் முகத்தையும் பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்த நொடிக் கணக்கு. ஆனால் கணினி எதை எழுத்து என்று எண்ணுகிறது என்பதில் தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. யூனிகோடில் ‘த’ ஒன்று, ‘மி’ இரண்டு, ‘ழ்’ இரண்டு. ‘தமிழ்’ என்று மூன்று எழுத்து எழுதினால் ஐந்து என்று கணக்கு விழுகிறது. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகிவிடுகின்றன.

சிறுமியின் பதிலை ஆங்கிலத்தில் எழுதினால், இடைவெளியும் நிறுத்தற்குறியும் சேர்த்து 23 குறிகள். ஒரு நொடிக்குச் சற்று அதிகமாக நேரம் கிடைத்தால் போதும். ‘இன்னும் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.’ என்று தமிழில் எழுதினால் கண்ணுக்குத் தெரிவது 22தான். கணினியின் கணக்கிலோ 36. அதாவது ஏறக்குறைய 1.7 நொடி வேண்டும். பல மென்பொருள்கள் அந்த வரியைச் சிவப்பில் காட்டி எச்சரிக்கும். ‘இன்னும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் 28 ஆகிறது, பொருள் துளியும் குறையவில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பவர் சிவப்பைப் பார்த்ததும் பதறமாட்டார். கண்ணுக்கு எவ்வளவு, கணினிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டுவார்.

உண்மையில் இந்தக் கடைசி வரிக்கு அவசரமே இல்லை. அது முடிந்ததும் சிரிப்பு எழுகிறது, ராபின்சன் நிறுத்துகிறார். வரி திரையில் கூடுதலாக ஒரு நொடி நின்றாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நெருக்கடி அதற்கு முந்திய வரிகளில்தான். கதையின் முன்பகுதியை அவர் கடகடவென்று சொல்லிப் போகிறார்: தான் கேட்ட கதை, தனக்குப் பிடித்த கதை, சிறுமி கடைசி வரிசையில் இருந்தாள், ஆசிரியைக்கு ஒரே ஆச்சரியம். இவை எல்லாவற்றையும் தமிழில் அடைத்தால் பார்ப்பவர் மூச்சுவாங்கிப் படித்துக்கொண்டே இருப்பார், முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. ஆகவே வெட்டு இங்கேதான் விழ வேண்டும். ‘எனக்குச் சொல்லப் பிடித்த கதை’ போகலாம். ‘ஆசிரியை அருகில் சென்றார்’ என்பதும் போகலாம், அவர் கேள்வி கேட்பதிலிருந்தே அது விளங்கும். ‘ஆறு வயது’ போகக் கூடாது. ‘எதிலும் கவனம் இல்லாதவள்’ என்பதும் போகக் கூடாது.

இன்னொன்று கட்டாயம் நிற்க வேண்டும்: ஆசிரியை வாயில் வரும் ‘தெரியாது’ என்ற வினைச்சொல். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டு ‘கடவுளை யாரும் பார்த்ததே இல்லையே’ என்று அழகாக எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அடுத்த வரியில் ‘தெரிஞ்சிடும்’ என்பதற்குப் பிடிமானம் இல்லை. ‘தெரியாதே’ என்றதும் ‘தெரிஞ்சிடும்’ என்று வரும்போதுதான் பந்து போன வேகத்தில் திரும்பி வருகிறது. நகைச்சுவை வரியை முதலில் தமிழாக்கிவிட்டு, அதற்கு ஏற்ற முன்வரியைப் பின்னால் எழுதுவது இதனால்தான்.

அடுத்த தடை தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சிறுமி சொன்னாள்’ என்பது முன்னால் வருகிறது, சொன்ன பேச்சு பின்னால். தமிழ்ப் புத்தகத்தில் நாம் படித்துப் பழகியது நேர்மாறு: ‘... தெரிந்துவிடும் என்றாள் அந்தச் சிறுமி.’ காகிதத்தில் இது குறையே இல்லாத வாக்கியம். திரையில் இரண்டு கேடு செய்கிறது. ராபின்சன் ‘சிறுமி சொன்னாள்’ என்று தொடங்கும்போதே தமிழ் வரி அவள் பதிலைக் காட்டிவிடுகிறது. சிரிக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் ‘என்றாள் அந்தச் சிறுமி’ வேறு வால்போல் தொங்குகிறது.

கதை சொல்லும் பாட்டிகள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ‘அதுக்கு அவ சொன்னா’ என்று சொல்லி நிறுத்திவிட்டுத்தான் பதிலுக்கு வருவார்கள். சப்டைட்டிலிலும் அப்படியே ‘அதுக்கு அந்தப் பொண்ணு:’ என்று ஒரு வரி, பதிலுக்குத் தனியாக இன்னொரு வரி. சொன்னது யார் என்பது ஏற்கெனவே தெளிவாக இருந்தால் முதல் வரியே வேண்டாம், மேற்கோள் குறி போதும். கோப்பில் அது இப்படி இருக்கும். நேரம் மட்டும் மாதிரிக்காக:

```
12
00:00:41,100 --> 00:00:43,300
"கடவுள் எப்படி இருப்பார்னு
யாருக்குமே தெரியாதே!"

13
00:00:43,500 --> 00:00:46,300
"ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."
```

மேலே வரிசை எண், அடுத்து தொடங்கும் நேரமும் மறையும் நேரமும், அதன் கீழ் வரிகள், பிறகு ஒரு வெற்று வரி. `.srt` கோப்பு என்பது இவ்வளவுதான், நோட்பேடிலேயே எழுதலாம். `UTF-8` என்று சேமிக்க மறந்தால் மட்டும் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கவனிக்க வேண்டியது காற்புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கங்கள். அவை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12-ஆம் வரி மறைந்து 13 தோன்றுவதற்கு முன் 200 மில்லிநொடி திரை காலியாக இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியால்தான் வரி மாறிவிட்டது என்று கண் உணர்கிறது. பதில் வரி, சிறுமியின் சொற்கள் ராபின்சன் வாயில் தொடங்கும் அதே கணத்தில் தொடங்க வேண்டும். கால் நொடி முந்தினாலும் கேட்பதற்கு முன் கண் படித்துவிடும்.

முதல் வரியை உடைத்திருக்கும் இடமும் தற்செயலாக அமைந்ததில்லை. ‘இருப்பார்னு’ வரை ஒரு மூச்சு, ‘யாருக்குமே தெரியாதே’ இன்னொரு மூச்சு. ‘கடவுள் எப்படி’ என்று மேல் வரியை நிறுத்தினாலும் பொருள் அதேதான். ஆனால் படிப்பவர் கண் கீழே இறங்கி, மறுபடி மேலே போய்ச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

‘இருப்பார்னு’, ‘நிமிஷத்துல’ என்ற எழுத்துமுறையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். இங்கேதான் தொனி என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலான மொழிகளைவிடத் தமிழில் இது கடினம். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. ‘என்ன வரைந்துகொண்டிருக்கிறாய்?’ என்று ஒரு டீச்சர் ஆறு வயதுக் குழந்தையிடம் எந்த ஊரிலும் கேட்கமாட்டார். கணக்கும் பேச்சுத் தமிழ் பக்கமே சாய்கிறது: அந்தக் கேள்வி கணினிக் கணக்கில் 29 குறி, ‘என்ன வரையறே?’ என்பது 12.

அதற்காகப் பேச்சு முழுவதையும் பேச்சுத் தமிழில் எழுதிவிடவும் முடியாது. பேச்சு வழக்குக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ‘வரையறே’, ‘வரையுற’, ‘வரையிற’ என்று மூன்று விதமாக எழுதலாம்; மூன்றையும் கண் ஒரு கணம் நின்று ஒலித்துப் பார்த்துத்தான் கடக்கும். ஒன்றரை நொடி வரியில் அந்தக் கணம் பெரிய செலவு. யாழ்ப்பாணத்தில் படிப்பவருக்கும் மதுரையில் படிப்பவருக்கும் பேச்சு வேறு வேறு என்பது இன்னொரு சிக்கல். ஆகவே நடுவழி ஒன்றுண்டு. ராபின்சன் தன் குரலில் சொல்வதெல்லாம் எளிய எழுத்துத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களாக. கதைக்குள் டீச்சரும் குழந்தையும் பேசுவது மட்டும் பேச்சுத் தமிழில். இன்னார் பேசுகிறார் என்பது நடையிலேயே தெரிந்துவிடுவதால் ‘ஆசிரியை சொன்னார்’ போன்ற தொடர்களும் மிச்சம்.

இரண்டாவது கதை இவ்வளவு சாதுவானதல்ல. அது ராபின்சனின் மகனைப் பற்றியது. தன் மகனுக்கு இங்கிலாந்தில் நான்கு வயதாக இருந்தபோது என்று தொடங்கி, உடனே திருத்திக்கொள்கிறார்: உண்மையைச் சொன்னால் அவனுக்கு எல்லா இடத்திலும் நான்கு வயதுதான், அந்த வருஷம் எங்கே போனாலும் அதே வயது. தெளிவாக எழுதப் பழகிய மொழிபெயர்ப்பாளர் இங்கே தன் நல்ல பழக்கத்தாலேயே வழுக்கி விழுவார். ‘நாங்கள் இங்கிலாந்தில் இருந்தபோது என் மகனுக்கு நான்கு வயது’ என்று பிசிறில்லாமல் எழுதிவிட்டால், திருத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை. ‘என் மகனுக்கு இங்கிலாந்தில் நான்கு வயது’ என்று மூலத்தின் கோணலைக் கோணலாகவே விட்டுவைத்தால்தான் ‘எங்கே போனாலும் அந்த வருஷம் நான்குதான்’ என்ற அடுத்த வரி எடுபடும்.

அந்த வயதில் மகன் ஜேம்ஸ் பள்ளியில் இயேசு பிறப்பு நாடகத்தில் சூசையப்பர் வேடம் போடுகிறான். போகிறபோக்கில், மெல் கிப்சன் இதன் இரண்டாம் பாகத்தை எடுத்தாரே என்று ஒரு கிண்டல். 2004-இல் வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்ட ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ படத்தைச் சொல்கிறார். இந்தப் பெயரைத் தமிழ்நாட்டு இயக்குநர் ஒருவர் பெயராக மாற்றிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். திரைப்படங்களில் இப்படி நடந்ததுண்டு. தென்கொரியாவின் ‘பாரசைட்’ (2019) படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பேக்கெட், சோல் தேசியப் பல்கலைக்கழகம் என்று வந்த இடத்தில் ஆக்ஸ்ஃபர்ட் என்று போட்டார். கொரிய மொழி தெரியாத பார்வையாளருக்கு அது உறுத்தவில்லை. ராபின்சன் பேசுவதோ ஆங்கிலம். தமிழ் வரியைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது ‘மெல் கிப்சன்’ என்பது காதில் விழும். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று படித்தால், பார்ப்பவர் நகைச்சுவையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார். பெயர் அப்படியே இருக்கட்டும். ‘பாகம் 2’ என்பது தமிழ் சினிமாவுக்கு அந்நியமா என்ன?

நாடகத்தில் மூன்று ராஜாக்கள் பரிசுப் பெட்டிகளோடு வருகிறார்கள். நான்கு வயதுப் பையன்கள். தலையில் சமையலறைத் துண்டு. ‘தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்’ என்று தமிழில் எழுதினால் தீர்ந்தது கதை. நமக்கு அது கடனில் மூழ்கிப்போனவர் கோலம். ராபின்சன் சொல்லாத இடத்தில் தமிழ்ப் பார்வையாளர் சிரித்துவைப்பார். ‘தலையில் துண்டு கட்டிய பையன்கள்’ என்றால் வம்பில்லை. மூலத்தில் இல்லாத சிரிப்பும் ஒரு பிழைதான்.

பிறகு பெட்டிகளைக் கீழே வைக்கிறார்கள். கொண்டுவர வேண்டியவை பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். பையன்கள் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதல் பையன், பொன் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். இரண்டாமவன், வெள்ளைப்போளம் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். மூன்றாமவன் வாயில் ஃபிராங்கின்சென்ஸ் என்ற ஆங்கிலச் சொல் நுழையவில்லை. அது அவன் காதில் எப்படி விழுந்திருந்ததோ அப்படியே சொல்கிறான்: இதை ஃபிராங்க் அனுப்பினார்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ‘ஃபிராங்கின்சென்ஸ்’ என்றே முன்வரியில் தமிழ் எழுத்தில் போட்டு, பின்னால் ‘இதை ஃபிராங்க் அனுப்பினார்’ என்று விடுவது. காதும் கண்ணும் ஒத்துப்போகும். ஆனால் அந்த வாசனைப் பிசினின் ஆங்கிலப் பெயரை அறியாதவருக்கு ஒன்றும் விளங்காது. அரங்கம் ஏன் உருண்டு புரள்கிறது என்று திகைப்பார்.

இரண்டாவது, தமிழில் சாம்பிராணிக்கு இருக்கும் இன்னொரு பொருளைப் பயன்படுத்துவது. ‘கொண்டுவந்திருக்கேன்’ என்பதை மறந்துவிட்டு, பையன் ‘நான் சாம்பிராணி’ என்று மட்டும் சொல்லி நிற்கிறான். தமிழ்நாட்டில் இதற்குச் சிரிப்பு உத்தரவாதம். ஆனால் ராபின்சன் அடுத்து எங்கே போகிறார் என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தெரியாவிட்டாலும் துணிந்து ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள், தப்பாகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இல்லை என்பதுதான் அவர் சொல்லவந்தது. பேச்சு முழுவதும் அதன்மேல் நிற்கிறது. தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் பையன் அந்தக் கருத்துக்கு உதவமாட்டான்.

மூன்றாவது வழி, பையன் செய்ததையே தமிழில் செய்து பார்ப்பது. ‘சாம்பிராணி’ என்ற நீளமான சொல் நான்கு வயதுக் காதில் எப்படி விழும்? ‘சாமி... ராணி...’ என்று விழலாம். வந்திருப்பவர்கள் ராஜாக்கள், எதிரே தொட்டிலில் இருப்பது சாமி. ஆகவே:

```
30
00:01:38,200 --> 00:01:41,400
"சாமி, ராணி அனுப்பினாங்க!"
```

பிள்ளை அறியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த சொற்களாக மாற்றிக்கொள்கிறான், பரிசை யாரோ அனுப்பியதாகவும் ஆகிவிடுகிறது, துணிச்சலும் அப்படியே இருக்கிறது. போனது ஃபிராங்க் என்ற பெயர் மட்டும். அது காதில் விழுந்து ஒரு கணம் இடறும், உண்மைதான். மெல் கிப்சனுக்குக் கொடுத்த மரியாதை இவருக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம். அங்கே பெயரை விட்டுவைத்தாலும் கிண்டல் பிழைத்தது. இங்கே பெயரை விட்டுவைத்தால் கிண்டலே போய்விடுகிறது.

இந்த வழிக்கும் முன்தயாரிப்பு வேண்டும். பரிசுகளைப் பட்டியலிடும் வரியில் ‘சாம்பிராணி’ என்ற சொல் எல்லோரும் படிக்கும் அளவுக்கு நின்றிருக்க வேண்டும். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருப்பது ‘தூபவர்க்கம்’. தாவரவியல்படி பார்த்தாலும் சாம்பிராணி வேறு மரத்தின் பிசின். இரண்டையும் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறோம். வந்தவர்களைச் ‘சாஸ்திரிகள்’ என்று பைபிள் வழக்கப்படி எழுதினால் ‘ராணி’ ஒட்டாது. ‘ராஜாக்கள்’ என்றுதான் எழுத வேண்டும். ஒரே ஒரு வரிக்காக, அதற்கு முன்னால் உள்ள இரண்டு வரிகள் திருத்தப்படுகின்றன.

எல்லாம் முடிந்ததும் சோதனை. எழுதியவர் தானே பார்த்துப் பயனில்லை. அடுத்த வரி என்னவென்று அவருக்குத் தெரியும், அவர் கண் அரைகுறையாகப் படித்தே கடந்துவிடும். வீடியோவை முன்பு பார்க்காத, ஆங்கிலம் அதிகம் பழகாத ஒருவரை உட்காரவைத்து ஓடவிட வேண்டும். திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைக் கவனிப்பது நல்லது. அரங்கத்துக்கு முன்னால் அவர் சிரித்தால் அந்த வரி சீக்கிரம் வருகிறது என்று பொருள். தொடங்கும் நேரத்தைக் கால் நொடி பின்னுக்குத் தள்ளலாம். அரங்கம் அடங்கிய பிறகு சிரித்தால், பெரும்பாலும் அந்த வரியில் குற்றமில்லை. அதற்கு முந்திய வரி நீளமாக இருந்து அவர் இன்னும் அதைப் படித்துக்கொண்டிருந்திருப்பார். சிரிக்கவே இல்லையென்றால் முன்வரியில் ஏதோ ஒரு சொல் விடுபட்டிருக்கும். ‘தெரியாதே’ மாதிரி, ‘ராஜாக்கள்’ மாதிரி ஒன்று. வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கேட்டால், வரி சட்டென்று மறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபிராங்க் கதைக்குப் பின் அரங்கம் அடங்க நேரமாகிறது. அதனால் ‘ராணி’ வரியை மூன்று நொடிக்கு மேல் நிறுத்திவைக்கலாம். ஆனால் ராபின்சன் மறுபடி பேசத் தொடங்கியதும் அது திரையில் இருக்கக் கூடாது. அடுத்து வருவது குழந்தைகளின் துணிச்சலைப் பற்றிய வாக்கியம். அதை அவர் சிரிப்பு முழுதாக ஓய்வதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறார்.